புதியவர்களுக்கு மதிய உணவு: நான்கு பேர் மேசையும் ஒரு வழித்துணையும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன முறை புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்கு முதல் வாரத்தில் மதிய உணவு ஏற்பாடு செய்தோம். நீளமான ஒரே மேசை, மொத்தம் 24 பேர். வரிசையாக எல்லோரும் எழுந்து அறிமுகம் செய்துகொண்டார்கள், இயக்குநர் பேசினார், சாப்பிட்டோம், கலைந்தோம். நன்றாகத்தான் நடந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து வந்தவர்களில் ஒருவர், "அன்றைக்குப் பார்த்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட நினைவில்லை, யாரிடம் போய்க் கேட்பதென்றே தெரியவில்லை" என்றார். அடுத்து ஆறு பேர் வருகிறார்கள்: மென்பொருளுக்கு மூவர், கணக்குக்கு இருவர், வாடிக்கையாளர் சேவைக்கு ஒருவர். 'பட்டி சிஸ்டம்' என்கிறார்களே, அதுபோல ஆளுக்கொரு பழைய ஊழியரை வழித்துணையாகப் போடலாம் என்றிருக்கிறோம். இந்த முறை இறுக்கமில்லாமல் நடத்த என்ன செய்யலாம்? ஆறு பேரில் ஒருவர் ரொம்பக் கூச்ச சுபாவம். "நான் வராவிட்டால் பரவாயில்லையா?" என்று இப்போதே கேட்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: அந்த ஊழியர் உங்களிடம் வந்து மனம்விட்டுச் சொன்னது பெரிய விஷயம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பொதுவாக "எல்லாம் நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் சொன்னதில் பெயர் நினைவில்லை என்பதைவிட, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. விருந்தின் வேலையே அதுதானே? சாப்பிட்டு எழுந்திருக்கும்போது புதியவருக்கு இரண்டு மூன்று முகங்கள் பழகியிருக்க வேண்டும். அடுத்த வாரம் கணினியில் ஏதோ ஒரு பக்கம் திறக்காமல் திண்டாடும்போது, 'அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அவரைக் கேட்போம்' என்று கால் தானாக நகர வேண்டும். அதற்கு மூன்று பேர் போதும். இருபத்து நான்கு பேரை ஒரே மதியத்தில் அறிமுகப்படுத்தப் போனால் அந்த மூன்று பேரும் கிடைக்காமல் போய்விடுவார்கள்.

முதலில் அந்த வரிசை அறிமுகத்தைக் கைவிடுங்கள். ஒருவர் ஒன்றரை நிமிடம் பேசினாலும் 24 பேருக்கு 36 நிமிடம். ஒரு மணி நேர விருந்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது, மீதியில் சாப்பிடத்தான் நேரம். அந்த 36 நிமிடத்தில் யாராவது எதையாவது காதில் வாங்குகிறார்களா என்றால் அதுவும் குறைவு. 1973இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். வட்டமாக உட்கார்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொற்களை வாசித்தார்கள். தங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்தவை அவர்களுக்கு மிகக் குறைவாகவே நினைவில் நின்றன. காரணம் நமக்கே தெரிந்ததுதான். அடுத்தது நாம் என்னும்போது மனம் நம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்தான் புதியவருக்கு முதலில் தேவை. வரிசை அறிமுகத்தில் முதலில் தவறிப்போவதும் அதுதான்.

பெயர் மறந்துபோனதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். 1987இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் சொல்லிக்கொடுத்தார்கள். தொழில் நினைவில் நின்ற அளவுக்குப் பெயர் நிற்கவில்லை. தொழிலைச் சொன்னால் மனத்தில் ஒரு காட்சி ஓடுகிறது. பெயருக்குப் பிடித்துக்கொள்ள அப்படி எதுவும் இல்லை. ஆகவே அறிமுகத்தில் பெயரோடு அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதையும், அது உங்களுக்கு எதற்கு உதவும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது மேசை. நீளமான ஒரே மேசையில் 24 பேர் உட்கார்ந்தால் அது ஒரு விருந்தாக இருக்காது, ஆறேழு தனித்தனிப் பேச்சுகளாக உடைந்துவிடும். யார் யாரோடு பேசுவது என்பதை நாற்காலி முடிவு செய்துவிடும். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடன் வேலை செய்தவர்களும் மக்கள் இயல்பாகக் கூடிப் பேசும் இடங்களைக் கவனித்து 1995இல் எழுதினார்கள்: ஒரு பேச்சில் சுமார் நான்கு பேர்தான் தங்குகிறார்கள். ஐந்தாமவர், ஆறாமவர் வந்து சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. பிரியும்போது ஓரத்தில் தனியாக நின்றுபோவது பெரும்பாலும் புதிதாக வந்தவர்தான். அதனால் தொடக்கத்திலேயே நான்கு நான்காகப் பிரித்து உட்கார வைத்துவிடுங்கள்.

உங்கள் ஆறு பேருக்கு நான் போடும் கணக்கு இது. மூன்று மேசை, ஒவ்வொன்றிலும் நான்கு பேர்: இரண்டு புதியவர், அவர்களின் இரண்டு வழித்துணைகள். மொத்தம் பன்னிரண்டு. முதல் மேசையில் மென்பொருள் புதியவர் ஒருவரும் கணக்குப் பிரிவுப் புதியவர் ஒருவரும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மீதமுள்ள மென்பொருள்காரரும் வாடிக்கையாளர் சேவைக்கு வந்தவரும். மென்பொருள் மூவரையும் ஒரே மேசையில் போடாதீர்கள். அவர்கள் எப்படியும் தினமும் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள். சேர்ந்து உட்கார்ந்தால் மூவரும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள். பிரித்து உட்கார வைத்தால் முதல் மேசை மென்பொருள்காரருக்குத் தன் வழித்துணை, கணக்குப் பிரிவின் வழித்துணை, கூடவே சேர்ந்த ஒருவர் என மூன்று முகங்கள் கிடைக்கின்றன. பயணச் செலவுப் பணத்தைத் திரும்ப வாங்க எந்தப் படிவம் என்று கேட்க அவருக்கு ஓர் ஆள் ஆச்சு. மூன்றாவது மேசை எனக்கு ரொம்பப் பிடித்தது. வாடிக்கையாளர் புகார் கடைசியில் போய்ச் சேருவது மென்பொருள் ஆட்களிடம்தான். அந்த இரண்டு பிரிவும் மின்னஞ்சலில் சண்டை போடத் தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவது நல்லது.

நாற்காலியிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. புதியவர் தன் வழித்துணைக்கு எதிரே உட்காரட்டும், பக்கத்தில் அடுத்தவரின் வழித்துணை இருக்கட்டும். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தாலே 'கொஞ்சம் உதவுங்கள்' என்று புரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரோடு மெல்லப் பேசலாம். இடம் பிடிக்கச் சொல்லி விட்டுவிட்டால் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு உட்காருவார்கள், மனித சுபாவம் அது. அதனால் மேசையில் முதல் பெயர் எழுதிய அட்டை வையுங்கள், இரண்டு பக்கமும் எழுதி. எதிரே இருப்பவர் பெயரைச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கலாம். மறந்தவர் திருட்டுத்தனமாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நீளமான மேசை தவிர வேறு இல்லை என்றால், நான்கு பேருக்கு ஒருமுறை இரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டு உட்கார வையுங்கள். அதுவே வேலை செய்யும்.

இப்போது வழித்துணைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இது நன்றாக அமைந்தால் மற்றதில் சிறு குறை இருந்தாலும் ஓடிவிடும். புதியவரின் மேலாளரை வழித்துணையாகப் போடாதீர்கள். அவரிடம் 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்லப் புதியவருக்கு வாய் வராது. அதே பிரிவில், ஏறக்குறைய அதே படிநிலையில், சேர்ந்து ஒன்றிரண்டு ஆண்டு ஆன ஒருவர் சரியாக இருப்பார். இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அலுவலகம் உள்ளங்கையைப் போலத் தெரியும். ஆனால் எது புதியவருக்குத் தெரியாது என்பது மறந்துபோயிருக்கும். ஒருவருக்கு ஒரு புதியவர்தான், இரண்டு வேண்டாம். விருப்பத்தோடு வருகிறாரா என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருந்ததால் வந்தவர் மேசையில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார், அவரை நம்பி உட்கார்ந்த புதியவர் பாவம்.

அன்றைக்கு ஒரு வழித்துணைக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், அவசர வேலை வரலாம். ஏழாவதாக ஒருவரைக் கையில் வைத்திருங்கள். அந்த இடத்தில் நீங்களே போய் உட்காருவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நீங்கள் எவ்வளவு அன்பாகப் பழகினாலும் மனிதவளப் பிரிவு என்றால் புதியவருக்கு உள்ளுக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கும்.

வழித்துணையும் புதியவரும் முதல்முறை சந்திப்பது விருந்து மேசையில் என்று ஆகிவிடக் கூடாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முதல் நாளே இருவரும் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும்: எங்கே உட்காருவது, தண்ணீர் எங்கே, கதவுக்கு எந்த அட்டை. அப்படிப் பழகியிருந்தால் விருந்துக்குப் புதியவர் தெரிந்த ஒருவரோடு நடந்து வருகிறார். அறைக்குள் தனியாக நுழைந்து யார் பக்கம் போவதென்று தேடும் அந்த அரை நிமிடம் யாருக்கும் வேண்டாம். விருந்துக்குப் பிறகும் சந்திப்பு தொடர வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் புதிய ஊழியர்களிடம் நடத்திய முன்னோடித் திட்டத்தின் முடிவு 2019இல் வெளிவந்தது. முதல் 90 நாளில் வழித்துணையை ஒருமுறையாவது பார்த்தவர்களில் 56 சதவீதம் பேர், வேலையில் வேகம் பிடிக்க அவர் உதவினார் என்றார்கள். எட்டு முறைக்கு மேல் பார்த்தவர்களிடம் அது 97 சதவீதம். ஒரே ஒரு விருந்தில் கைகுலுக்கிவிட்டு மறந்துபோகும் வழித்துணையால் பெரிய பயன் இல்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அடுத்த எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு கால் மணி நேரம் என இருவரின் நாட்காட்டியிலும் விருந்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். அந்த நேரம் வழித்துணையின் வேலை நேரத்தில் சேர்த்தி என்று அவருடைய மேலாளரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

சரி, அறிமுகம். புதியவர் தன்னைப் பற்றித் தானே பேச வேண்டாம், வழித்துணை பேசட்டும். அந்த நான்கு பேர் மேசைக்கு மட்டும், உட்கார்ந்தபடியே, மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்தில் பெயர், அவர் எப்படிக் கூப்பிடப்பட விரும்புகிறாரோ அப்படி. இரண்டாவதில் அவர் செய்யப்போகும் வேலை, வேறு பிரிவுக்காரருக்கும் புரிகிற மாதிரி. மூன்றாவதில் பேச்சைத் தொடர ஒரு நூல்முனை. கணக்குப் பிரிவுக்கு வருபவர் பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். வழித்துணை சொல்வது இப்படி இருக்கலாம்: "இவங்க நிலா. நாம அனுப்புற செலவுச் சீட்டெல்லாம் இனி இவங்க மேசைக்குத்தான் போகும், பணம் வர லேட்டானா இவங்களைத்தான் கேட்கணும். வார இறுதியில மலையேறப் போவாங்களாம், போன மாசம்தான் ஒரு நீண்ட பாதையை முடிச்சாங்க." இருபது விநாடிகூட ஆகாது. எதிரே இருப்பவருக்குக் கேள்வி கேட்க இரண்டு இடம் கிடைத்துவிட்டது, ஒன்று வேலையில், ஒன்று மலையில். அதே மாதிரி புதியவருக்கு வழித்துணைகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போதும், 'எதற்கு என்னைக் கேட்கலாம்' என்ற ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். பதவிப் பெயரைவிட அது நினைவில் நிற்கும்.

அந்த மூன்றாவது வாக்கியம் என்ன என்பதைப் புதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் சந்திப்பிலேயே வழித்துணை கேட்டுவிடலாம்: "வியாழக்கிழமை உங்களை நான்தான் அறிமுகப்படுத்தப் போறேன், எதைச் சொல்லட்டும்? எதைச் சொல்ல வேண்டாம்?" சிலர் வீட்டு விஷயத்தை வெளியில் பேச மாட்டார்கள், அது அவர்கள் உரிமை. 'உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு சுவையான செய்தி சொல்லுங்கள்' என்று மேசையில் வைத்துத் திடீரெனக் கேட்பதை அடியோடு விடுங்கள். கேட்கிறவருக்கு அது விளையாட்டு, பதில் சொல்கிறவருக்குத் தேர்வு. கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை, முந்தைய இடத்தில் என்ன சம்பளம், ஏன் விட்டீர்கள் ஆகியவையும் கேட்கக் கூடாதவை. வழித்துணைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். நல்லெண்ணத்தோடு பேசுகிறவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள், தவறென்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

வழித்துணைகளை விருந்துக்கு முந்தைய நாள் ஒரு இருபது நிமிடம் கூட்டிப் பேசுங்கள். அங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதியவர் சாப்பிடட்டும். விருந்தாளி அவர் என்பதால் மூன்று பேரும் மாற்றி மாற்றி அவரைக் கேள்வி கேட்பார்கள். வாயில் உணவோடு அவர் தலையாட்டிக்கொண்டும், விழுங்கிவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டும் இருப்பார். மற்றவர்கள் முடித்த பிறகும் அவர் தட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். எந்த மேசையில் இது நடக்கிறது என்று அறையின் ஓரத்தில் நின்றே கண்டுபிடிக்கலாம், தட்டைப் பார்த்தால் போதும். இதற்கு மாற்று எளிது. உணவு வந்த முதல் பதினைந்து நிமிடம் வழித்துணைகள் தங்கள் கதையைப் பேச வேண்டும். தாங்கள் சேர்ந்த முதல் மாதத்தில் எது புரியவில்லை, எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம், யார் வந்து சொல்லிக்கொடுத்தார்கள், இந்த மாதிரி. புதியவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார், அதில் ஓர் இடத்தில் அவரே பேச்சுக்குள் வருவார். அலுவலகத்தின் மீதுள்ள மனக்குறைகளை இந்த மேசையில் கொட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குறை சொல்லவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் ஒருவருக்கு அதைக் கேட்டு ஒன்றும் செய்ய முடியாது, கலக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

நேரம் எழுபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நிகழ்ச்சி நிரல் என்று எதையும் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டாம், அது உங்கள் மனத்தில் இருந்தால் போதும். 12.30க்கு என்றால் முதல் பத்து நிமிடம் வந்து உட்காரவும் மூன்று வாக்கிய அறிமுகத்துக்கும். 12.40க்கு இயக்குநர் நின்றபடியே இரண்டு நிமிடம் வரவேற்றுப் பேசிவிட்டுக் கிளம்பட்டும். 12.45க்கு உணவு. அறிமுகமும் வரவேற்பும் உணவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், ஆறிப்போகும் தட்டுக்கு முன்னால் யாரும் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அதன்பின் அரை மணி நேரம் நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். விளையாட்டு, வினாடி வினா, மணி அடித்து மேசை மாற்றுவது எதுவும் வேண்டாம். நான்கு பேர் மேசையில் சில நேரம் அமைதி வரும். அந்த அமைதியைக் கண்டு பதறி நீங்கள் போய் நிரப்பினால், தானாக வரவிருந்த பேச்சு வராமலே போகும்.

இயக்குநர் உட்கார்ந்து சாப்பிடட்டுமே என்று சிலர் கேட்பார்கள். அவர் எளிமையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் உட்காரும் மேசையில் மற்ற மூவரும் கேட்பவர்களாக மாறிவிடுவார்கள், அந்த மேசைப் புதியவருக்கு வழித்துணையோடு பேச வழியே இருக்காது. புதியவர்களைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை என்றால், வேறொரு நாள் தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். நேரடி மேலாளர்களுக்கும் இதே பதில்தான்.

1.15 வாக்கில் எல்லோரும் தட்டை வைக்க, கை கழுவ எழுவார்கள். அந்த அசைவை வீணாக்காதீர்கள். இனி ஒவ்வொரு வழித்துணையும் தன் புதியவரை வேறு மேசையில் இருக்கும் ஒரே ஒருவரிடம் அழைத்துப்போக வேண்டும், அடுத்த வாரம் வேலையில் நிச்சயம் தேவைப்படப்போகிற ஒருவரிடம். யாரென்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். நின்றபடியே இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. 1.45க்கு விருந்து முடிந்தது, வழித்துணையே இருக்கை வரை கூட வருகிறார். 2.15 வரை புதியவருக்கு எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள்.

எந்த நாள் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. முதல் நாள் வேண்டாம். அன்றைக்குப் படிவம், கடவுச்சொல், அடையாள அட்டை என்று தலை நிறைந்திருக்கும், கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. மூன்றாவது அல்லது நான்காவது நாள் வையுங்கள். அதற்குள் நாலைந்து சந்தேகம் சேர்ந்திருக்கும், மேசையில் பேச அதுவே சரக்கு. கடைசி வேலை நாளும் வேண்டாம், பழகியவரை அடுத்த நாளே போய்ப் பார்க்க வழியில்லாமல் விடுமுறை குறுக்கே வந்துவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவர் யாராவது இருந்தால் அவரைத் திரையில் இந்த மேசையோடு இணைக்காதீர்கள். சாப்பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அவரும் வழித்துணையும் மற்ற இருவரும் மட்டும் தனியாக ஒரு காணொளிச் சந்திப்பு வைத்துக்கொள்ளட்டும்.

புதியவர்களுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு செய்தி போக வேண்டும். இறுக்கம் குறைவதற்கு இதைவிடப் பெரிய வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களின் பயமெல்லாம் என்ன நடக்கும் என்று தெரியாததுதான். இவ்வளவு எழுதினால் போதும்:

"வியாழக்கிழமை மதியம் 12.30 முதல் 1.45 வரை சேர்ந்து சாப்பிடுகிறோம். உங்கள் மேசையில் உங்களையும் சேர்த்து நான்கு பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் உங்கள் வழித்துணை. அவரே உங்கள் இருக்கைக்கு வந்து அழைத்துப்போவார். நீங்கள் எழுந்து பேச வேண்டியதில்லை, உங்களை அவரே அறிமுகப்படுத்துவார். வழக்கமாக அலுவலகத்துக்கு வரும் உடையே போதும், செலவு நிறுவனத்துடையது. சாப்பிடக் கூடாதது, சாப்பிட விரும்பாதது ஏதாவது இருந்தால் எனக்கு மட்டும் எழுதுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். இது எந்த மதிப்பீட்டிலும் சேராது."

கடைசி வரியை எழுதுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கடினம். விருந்து முடிந்த அன்று மாலை ஒரு மேலாளர் வழித்துணையிடம், "ஆள் எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்பார். வழித்துணையும், "நல்லவர்தான், கொஞ்சம் பேச மாட்டேங்கிறார்" என்று சாதாரணமாகச் சொல்வார். அந்தப் பேச்சு எப்படியோ புதியவர் காதுக்குப் போய்ச் சேரும். அதோடு அவர் அந்த வழித்துணையிடம் ஒரு சந்தேகமும் கேட்க மாட்டார். மேலாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்தக் கேள்வி கேட்கப்படாது, கேட்டாலும் பதில் வராது. வழித்துணைகளுக்கும் அந்தத் துணிவைக் கொடுங்கள். "மனிதவளப் பிரிவு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று அவர்கள் உங்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

இது பலித்ததா என்று பார்க்க 'விருந்து எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். 'நன்றாக இருந்தது' என்றுதான் வரும். அடுத்த வாரம் ஆறு பேரிடமும் தனித்தனியாக இதைக் கேளுங்கள்: "இந்த வாரம் சந்தேகம் வந்தப்போ யார்கிட்ட கேட்டீங்க?" மேலாளரையும் உங்களையும் தவிர இரண்டு பெயராவது வந்தால் சரியாகப் போகிறது. வழித்துணை பெயர் வரவே இல்லை என்றால் அந்த ஜோடி பொருந்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லாமல், சத்தமில்லாமல் வேறு ஒருவரைக் கொடுங்கள். அந்த ஏழாவது ஆள் இதற்கும் உதவுவார்.

இனி, வர வேண்டாமா என்று கேட்கிறவர். விட்டுவிடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். அவர் பயப்படுவது எதற்கு என்று முதலில் கேளுங்கள். கூச்சமுள்ள பலருக்குக் கூட்டத்தில் எழுந்து பேசுவதும், யாரோடும் சேராமல் தனித்து நிற்பதும்தான் பயம். நான்கு பேர் மேசையில் இரண்டும் இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பேர் வந்துவிடுவார்கள். இவருக்குப் பேச்சில் நிதானமான ஒருவரை வழித்துணையாகக் கொடுத்து, அவருக்கு எதிரே போடுங்கள். அட்டைகள் வைக்கும்போதே கதவுக்கு அருகில் ஓர் இடமாகப் பார்த்து அவருக்கு ஒதுக்குங்கள், அரை மணி நேரத்தில் எழுந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லியும் முடியாது என்றால் விருந்துக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த மூன்று முகங்கள் அவருக்கும் தேவை. அதே வாரத்தில் வழித்துணையோடு மட்டும் ஒரு நாள் சாப்பிடட்டும், அடுத்த வாரம் அதே இருவரோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்துகொள்ளட்டும். மூன்றாமவர் யார் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.